ஸ்லைடிங் இல்லை, ஆனால் பி-லைன் இருக்கிறது: இந்த நுரையீரலை எப்படிப் படிப்பது?

இரவுப்பணி

வணக்கம் எல்லாருக்கும். இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஹை டிபெண்டன்சி வார்டில் தாதியாக இருக்கிறேன். நுரையீரல் அல்ட்ராசவுண்ட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். தனியாகப் பார்த்து முடிவு சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை. டாக்டர் பார்க்கும்போது கூட நின்று பார்ப்பேன், புரோபைப் பிடித்துப் பழகுவேன், அவ்வளவுதான். ஒரு கேஸ் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிளிப் போட முடியாது, தயவுசெய்து கேட்காதீர்கள்.

அறுபதைத் தாண்டிய ஒரு அங்கிள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். தீபாவளி திங்கட்கிழமை வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவர் போகவில்லை. செவ்வாய் இரவு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நிமிடத்துக்கு 32 மூச்சு, ஆக்சிஜன் வைக்காமல் 88 சதவீதம், பிபி 190க்கு மேல், கணுக்காலில் வீக்கம். கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, அதாவது அவருடைய டிரை வெயிட் 62 கிலோ, வந்த அன்று 66. உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் பைபேப் மாஸ்க் போடுவதற்கு முன் வார்டு டாக்டரான எம்.ஓ. புரோபை வைத்துப் பார்த்தார். வலது முன்பக்கம் மேலும் கீழும் பி-லைன் என்கிற வெள்ளைக் கோடுகள் நுரையீரலின் உறையான ப்ளூராவிலிருந்து திரையின் அடி வரைக்கும் இறங்கின. ஸ்லைடிங் நன்றாக இருந்தது. இடது மேல்பக்கம், காறை எலும்புக்குக் கீழே வைத்தபோது, அங்கேயும் மூன்று நான்கு கோடுகள். ஆனால் ஸ்லைடிங் இல்லை. ப்ளூரா அசையாமல் நின்றது. எம்.ஓ. அப்படியே நிறுத்திவிட்டார். அங்கே நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே உறைகளுக்கு நடுவில் காற்று இருந்து, நாம் பைபேப்பில் அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருடைய கவலை. சீனியர் வந்து அதே இடத்தில் ஒரு பத்து விநாடி பார்த்திருப்பார். "இங்கே வெளிக்காற்று இல்லை, போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போட்டோம், அங்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு நான்கு மணி நேரம் டயாலிசிஸும் நடந்தது.

அவர் எதைப் பார்த்து அவ்வளவு உறுதியாகச் சொன்னார்? ஸ்லைடிங் இல்லாவிட்டால் நியூமோதொராக்ஸ் என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

தேக்காகாரன்

அக்கா, நான் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். எனக்குத் தெரிந்தவரைக்கும் ஸ்லைடிங் இல்லை என்றால் நியூமோதொராக்ஸ்தான், அதை எக்ஸ்ரேயில் உறுதி செய்யும் வரை பைபேப் போடுவது ரிஸ்க். சீனியர் அனுபவத்தில் சொல்லியிருப்பார், அதிர்ஷ்டவசமாகச் சரியாகிவிட்டது.

பி-லைன் விஷயம் சுலபம். ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரலில் தண்ணீர், அதாவது ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி. நாம் பார்க்கும் அந்தக் கோடுகள்தான் தண்ணீர்.

பழைய_ஐசியு

தம்பி, மூன்று கோடு என்ற கணக்கு சரி. மற்றது எல்லாவற்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தச் சீனியர் பார்த்தது மிகத் திட்டவட்டமான ஒரு விஷயம்.

ஸ்லைடிங் என்றால் என்ன நடக்கிறது? நெஞ்சுச் சுவரின் உட்புறம் ஒட்டிய ப்ளூரா ஒன்று, நுரையீரலின் மேல் ஒட்டிய ப்ளூரா இன்னொன்று. மூச்சு விடும்போது உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் மேல் வழுக்கிப் போகிறது. திரையில் அது ஒரே வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், அந்தக் கோட்டின் மேல் எறும்புச் சாரை ஊர்வது போல ஒரு மினுமினுப்பு ஓடும். இரண்டுக்கும் நடுவில் காற்று புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் ப்ளூரா நம் கண்ணுக்கே வராது, அதனால் மினுமினுப்பும் போய்விடும். எனவே ஸ்லைடிங் தெரிந்தால் அந்த இடத்தில் நியூமோதொராக்ஸ் இல்லை. இது கெட்டியான விதி.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் விதி உடைந்துவிடும். ஸ்லைடிங் தெரியாமல் போவதற்கு நியூமோதொராக்ஸ் ஒரு காரணம் மட்டும்தான். இரண்டு ப்ளூராவும் பழைய நோயால் ஒட்டிப்போயிருந்தாலும் வழுக்காது. மூச்சுக்குழாயில் போடும் டியூப் வலது பக்கக் கிளைக் குழாய்க்குள் தள்ளிப் போயிருந்தால் இடது நுரையீரலுக்குக் காற்றே போகாது, அப்போதும் வழுக்காது. ஆள் மூச்சே விடாமல் இருந்தாலும் வழுக்காது. மோசமான நிமோனியா, நுரையீரல் முழுக்க அழற்சி பரவும் ஏஆர்டிஎஸ் போன்றவற்றிலும் நுரையீரல் விறைத்துப்போய் அசைவு குறைந்துவிடும்.

சரி, அந்த இடத்தில் பி-லைன் இருந்தது என்று இரவுப்பணி எழுதியிருக்கிறாரே, அதுதான் விடை. பி-லைன் பிறப்பது நுரையீரலின் மேல் இருக்கும் உள் ப்ளூராவில். நடுவில் காற்று இருந்தால் ஒலி அந்தக் காற்றில் மோதித் திரும்பிவிடும், உள் ப்ளூராவை எட்டாது, அப்போது பி-லைன் வரவே முடியாது. ஒரே ஒரு உண்மையான பி-லைன் தெரிந்தாலும் போதும், புரோபுக்கு நேர் கீழே இரண்டு ப்ளூராவும் ஒட்டி இருக்கின்றன என்று அர்த்தம். அந்த பத்து விநாடியில் அவர் அதைத்தான் பார்த்திருப்பார். கூடவே லங் பல்ஸும் பார்த்திருக்கலாம். மூச்சுக்கு அசையாத ப்ளூரா இதயத் துடிப்புக்கு மட்டும் லேசாகத் துடிக்கும், இடது பக்கம் இன்னும் தெளிவாகவே தெரியும். துடிப்பு நுரையீரல் வழியாக ப்ளூரா வரை வருகிறது என்றால் நடுவில் காற்று இல்லை.

நியூமோதொராக்ஸ் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஸ்லைடிங் இல்லாத இடத்திலிருந்து புரோபைப் பக்கவாட்டில் நகர்த்தி, நுரையீரல் வந்து தொட்டுத் தொட்டுப் போகும் எல்லையைப் பிடிக்க வேண்டும். லங் பாயிண்ட் என்பது அதுதான். நுரையீரல் முழுக்கச் சுருங்கிவிட்டால் அந்த எல்லை கிடைக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இரவுப்பணி, அங்கிளுக்குச் சின்ன வயதில் டிபி வந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

இரவுப்பணி

அண்ணே, நீங்கள் கேட்டதும் கேஸ் ஷீட்டை யோசித்துப் பார்த்தேன். ஆமாம். இருபது வயதுக்குள் டிபி, அப்போது நீண்ட நாள் மருந்து சாப்பிட்டதாக மனைவி சொன்னார். மறுநாள் எக்ஸ்ரேயில் இடது உச்சியில் பழைய தழும்பு, அந்தப் பக்கம் கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. நாங்கள் அதையும் ஸ்லைடிங்கையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பழைய_ஐசியு

அப்படியானால் பொருந்துகிறது. அந்த வயதில் டிபி வந்தவர்கள் நம் ஊர் வார்டுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேல் பாகத்தில் ப்ளூரா ஒட்டிப்போயிருக்கும், ஸ்லைடிங் மட்டும் பார்த்தால் பயமுறுத்தும்.

தெம்பனிஸ்_மகள்

நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன். போன வருஷம் அம்மாவுக்கும் நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். இதே மாதிரி ஸ்கேன் பண்ணினார்கள், அப்புறம் முதுகில் ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள், அன்றைக்கே மூச்சு சரியானது. இந்த அங்கிளுக்கும் அப்படியே எடுத்திருக்கலாமே? எதற்காக நான்கு மணி நேரம் டயாலிசிஸ், மாஸ்க் எல்லாம்? மூச்சு முட்டும்போது நான்கு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

இரவுப்பணி

அக்கா, உங்கள் அம்மாவுக்கு இருந்தது நுரையீரலைச் சுற்றி, இரண்டு உறைகளுக்கும் நடுவில் தேங்கிய தண்ணீர். அது ஒரே குட்டையாக நிற்கும், ஊசியில் இழுக்கலாம். ஸ்கேனில் பக்கவாட்டில், உதரவிதானத்துக்கு மேலே கறுப்பாகத் தெரியும். இந்த அங்கிளுக்கு இருந்தது நுரையீரலின் உள்ளேயே, காற்றுப் பைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய சுவர்களில் ஊறியிருக்கும் தண்ணீர். எந்த ஊசியும் அதை எடுக்க முடியாது. ரத்தத்திலிருந்து தண்ணீரை எடுத்தால்தான் அது பின்னால் வடியும். சிறுநீர் போகிறவர்களுக்கு மருந்து கொடுத்து எடுப்பார்கள், இவருக்குச் சிறுநீர் இல்லை, அதனால் டயாலிசிஸ். அதுவரைக்கும் மாஸ்க்கும் பிபியைக் குறைக்கும் மருந்தும் அவரைத் தாங்கிப் பிடித்தன. அம்மா இப்போது நலமா?

தெம்பனிஸ்_மகள்

நலம்தான். நன்றிம்மா. இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை.

பழைய_ஐசியு

தேக்காகாரன் தம்பிக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. "அந்தக் கோடுகள்தான் தண்ணீர்" என்றீர்கள். இல்லை. காற்றுள்ள நுரையீரலில் ப்ளூராவுக்குக் கீழே திரையில் தெரிவது எதுவுமே நுரையீரலின் படம் இல்லை. சாதாரண நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் ஒலி ப்ளூராவிலேயே கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பிவிடுகிறது. திரும்பிய ஒலி புரோபில் மோதி மறுபடி கீழே போய், மறுபடி திரும்பி வருகிறது. கருவிக்கு அது தெரியாது, இன்னும் ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து இன்னொரு கோடு வரைகிறது. ப்ளூரா 2 சென்டிமீட்டரில் இருந்தால் 4லும் 6லும் படுக்கைவாட்டில் கோடுகள் வரும். அவை ஏ-லைன். காற்றுள்ள நுரையீரல் என்றால் ஸ்லைடிங்கும் ஏ-லைனும் சேர்ந்து இருக்கும், அவ்வளவுதான் அதன் முகம்.

காற்றுப் பைகளைச் சுற்றியிருக்கும் சுவர்கள் ஈரத்தில் தடித்தால், ஒலி காற்றுக்கும் ஈரத்துக்கும் நடுவில் சிக்கி, சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருக்கும். கருவி அதை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவதால் ப்ளூராவிலிருந்து திரையின் அடி வரை மங்காத ஒரு கோடு கிடைக்கிறது. அதாவது பி-லைன் வர வேண்டுமானால் காற்றும் இருக்க வேண்டும். தண்ணீரோ சீழோ காற்றுப் பைகளையே முழுக்க நிரப்பிவிட்டால் பி-லைன் போய், நுரையீரல் ஈரல் மாதிரி திசுவாகவே தெரியத் தொடங்கும். பி-லைன் குறைந்தது என்றதும் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். அதன் இடத்தில் ஏ-லைன் வந்திருக்கிறதா, திசு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதை 1997இல் பிரான்சின் டானியல் லிக்டென்ஸ்டைன் குழு எழுதியபோது, நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கவே முடியாது என்பதுதான் பொதுவான எண்ணம். படம் தெரியாவிட்டாலும் பொய்க்கோடுகளைப் படிக்கலாம் என்பதுதான் அவர் கொண்டுவந்த விஷயம்.

தேக்காகாரன்

புரிகிறது சார். அப்படியானால் மூன்று கோடு இருந்தால் ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லக்கூடாதா?

பழைய_ஐசியு

ஒரு இடைவெளியில் மூன்று இருந்தால் அந்த ஒரு மண்டலம் பாசிட்டிவ், அவ்வளவே. ஒரு பக்கத்துக்கு நான்கு மண்டலம் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டிரண்டு பாசிட்டிவ் ஆனால்தான் பரவலான ஈரம் பற்றிப் பேசலாம். 2012இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வைத்த அளவு அது. அப்போதும் அது ஈரமா, நார்த்திசுத் தழும்பா, இரண்டு பக்க நிமோனியாவா என்பதைக் கோட்டின் எண்ணிக்கை சொல்லாது. கோவிட் நாட்களில் இந்தக் கோடுகளை எத்தனை இதயம் நல்லவர்களிடம் பார்த்தோம்!

எண்ணிக்கையை விட ப்ளூராவைப் பாருங்கள். உடம்பில் தண்ணீர் ஏறியவருக்கு ப்ளூரா மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும், ஸ்லைடிங் இருக்கும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கீழ்ப்பாகத்தில் அதிகம். நிமோனியா, ஏஆர்டிஎஸ் என்றால் ப்ளூரா தடித்து, அங்கங்கே முறிந்து, அதற்கடியில் குட்டிக் கறுப்புத் துண்டுகள் தெரியும், நடுநடுவே நல்ல இடங்களும் விட்டுப்போயிருக்கும். வயதானவர்களுக்குப் பின்பக்கக் கீழ்ப்பகுதியில் ஓரிரு கோடு இருப்பது ஒன்றுமில்லை.

புரோப்_பிடித்த_கை

சோனோகிராஃபராக இருக்கிறேன். மேலே நல்ல விளக்கம். ஆனால் கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை, பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

வார்டில் இருக்கும் கருவி பெரும்பாலும் வயிறு பார்க்கும் செட்டிங்கிலேயே நிற்கும். அந்த செட்டிங்கின் வேலையே பொய்க்கோடுகளை அழித்துப் படத்தை அழகாக்குவது. பல கோணத்திலிருந்து ஒலியை அனுப்பிச் சேர்க்கும் காம்பவுண்டிங்கும், ஹார்மோனிக்கும் இருந்தால் பி-லைன் மங்கும், உடையும், ஒன்று இரண்டாகவும் தெரியும். நமக்கு வேண்டியதே அந்தப் பொய்க்கோடு. லங் பிரீசெட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்த இரண்டையும் கையால் அணையுங்கள். ஃபோகஸை ப்ளூராவின் மட்டத்தில் வையுங்கள். கெய்ன் ரொம்ப ஏற்றினால் எல்லாமே வெள்ளையாகிவிடும்.

அப்புறம் ஆழம். பி-லைன் அடி வரைக்கும் போகிறதா என்பதுதான் கேள்வி என்றால் அடி தெரிய வேண்டும் இல்லையா? 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கோடும் அடியைத் தொடும். ப்ளூராவிலிருந்து இறங்கி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மங்கிப்போகும் குட்டிக் கோடுகள் நல்ல நுரையீரலிலும் உண்டு, இஸட்-லைன் என்போம். அவை ஏ-லைனை அழிப்பதில்லை, அவற்றுக்கு அர்த்தமும் இல்லை. கோட்டை எண்ணுவதற்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் வைத்துக்கொள்கிறேன். ஸ்லைடிங் பார்க்க மட்டும் ஆழத்தைக் குறைத்து ப்ளூராவைப் பெரிதாக்குவேன், கிடைத்தால் லீனியர் புரோபுக்கு மாறுவேன்.

இரவுப்பணி, இடது மேல்பக்கம் பார்த்தபோது புரோப் விலாவுக்குக் குறுக்கே நின்றதா, விலாவோடு சேர்ந்து நின்றதா? இரண்டு விலாவின் நிழலும் இரண்டு ஓரத்தில் தெரிந்ததா? விலாவின் மேற்பரப்பும் ஒரு வெள்ளைக் கோடுதான், அது ஒருபோதும் வழுக்காது. அதை ப்ளூரா என்று நினைத்து நியூமோதொராக்ஸ் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி

குறுக்கேதான். இரண்டு நிழலும் தெரிந்தன. விலாவின் கோட்டிலிருந்து ஒரு அரை சென்டிமீட்டர் கீழே ப்ளூரா. கோடுகள் அதிலிருந்துதான் கிளம்பின, அதற்கு மேலே இருந்து இல்லை. ஆழம் 14 என்று நினைவு, அடி வரைக்கும் போயின, அந்த இடத்தில் ஏ-லைன் ஒன்றும் இல்லை. செட்டிங் என்ன என்று நான் கவனிக்கவில்லை.

புரோப்_பிடித்த_கை

அப்படியானால் அது நிஜ பி-லைன்தான். மேலே இருந்து கிளம்பவில்லை என்று பார்த்ததும் நல்ல விஷயம். தோலுக்கடியில் காற்று புகுந்திருந்தாலும் கோடுகள் அடி வரைக்கும் இறங்கும், ஆனால் அவை ப்ளூராவுக்கு மேலேயே தொடங்கிவிடும், விலாவும் சரியாகத் தெரியாது. அதை பி-லைன் என்று நினைத்து நியூமோதொராக்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் ஆபத்து தலைகீழாக வரும்.

ஒன்று மட்டும் பழைய_ஐசியு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். ஒட்டிப்போன ப்ளூராவின் பக்கத்தில், ஒட்டாத ஒரு துண்டில் மட்டும் காற்று தேங்கலாம். ஒரே இடத்தில் புரோபை வைத்துவிட்டு அந்தப் பக்கம் முழுதும் சரி என்று எப்படிச் சொல்வது?

பழைய_ஐசியு

நான் சொன்னது "புரோபுக்கு நேர் கீழே". அதை மாற்றவில்லை. பழைய தழும்பு உள்ள நெஞ்சில் பல இடைவெளிகளில் வைத்துப் பார்க்க வேண்டும், அது உண்மை. ஆனால் அந்த இரவில் கேள்வி வேறு. 32 மூச்சு விடுகிறவருக்கு, திடீர் நெஞ்சு வலி இல்லாதவருக்கு, நேற்று டயாலிசிஸ் விட்டவருக்கு, எடை 4 கிலோ கூடியவருக்கு, இரண்டு பக்கமும் பி-லைன். மல்லாந்து சாய்ந்திருக்கும் ஆளுக்குக் காற்று முன்பக்கம்தான் சேரும், அங்கே காற்று இல்லை. எக்ஸ்ரே வரும் வரை காத்திருந்தால் அவர் தளர்ந்துபோயிருப்பார். படுத்தபடி எடுக்கும் எக்ஸ்ரே முன்பக்கக் காற்றைத் தவறவிடுவதும் உண்டு. எனக்கு அந்த முடிவு சரி.

புரோப்_பிடித்த_கை

முடிவு சரி என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கூட இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்க இருபது விநாடிதான் ஆகும் என்கிறேன்.

இரவுப்பணி

இதற்கு அடுத்த பகுதியையும் எழுதுகிறேன், இன்னொரு சந்தேகம் அதில்தான்.

புதன் விடிகாலை டயாலிசிஸ் தொடங்கியது. நான்கு மணி நேரம், 3 லிட்டர் எடுத்தார்கள். முடிந்த கையோடு எம்.ஓ. மறுபடி எல்லா மண்டலமும் பார்த்தார், நானும் கூட நின்றேன். முன்பக்கம் இரண்டிலும் கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. வலது முன்பக்கம் ஏ-லைன் வந்திருந்தது. போகும்போது ஒரு வெள்ளைச் சுவர் மாதிரி இருந்த இடம், திரும்பி வந்தபோது வழக்கமான நுரையீரல். இடது மேல்பக்கம் ஒரே ஒரு கோடு மிச்சம், ஸ்லைடிங் இன்னும் இல்லை, அது தழும்பு என்று இப்போது புரிகிறது. மூச்சு 20, மாஸ்க் எடுத்தாகிவிட்டது, மூக்குக் குழாயில் 2 லிட்டர் ஆக்சிஜன்.

ஆனால் வலது பின்பக்கம் கீழே அப்படியே நாலைந்து கோடுகள் இருந்தன. அங்கே ப்ளூரா சொரசொரப்பாக இருந்தது, ஒரு இடத்தில் அதற்கடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு. காய்ச்சல் 37.9. எம்.ஓ. நிமோனியா என்று ஆன்டிபயாடிக் தொடங்கினார். இன்னொரு டாக்டர், 4 கிலோவில் 3 லிட்டர்தானே எடுத்தோம், மிச்சத் தண்ணீர் கீழே தேங்கியிருக்கிறது, வியாழக்கிழமை ஒரு கூடுதல் செஷன் போட்டால் போய்விடும் என்கிறார். யார் சொல்வது சரி?

ஊசியும்_குழாயும்

நான் டயாலிசிஸ் சென்டரில் தாதி. எங்களுக்கு இது தினசரிக் கதை, குறிப்பாக நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள். டயாலிசிஸ் நடக்கும்போதே பி-லைன் குறைவதைப் பல இடங்களில் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அதனால் தண்ணீர் என்றால் கரைந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கீழ்ப்பகுதி கடைசியில்தான் காயும். கூடுதல் செஷனுக்குப் பிறகு பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரு பக்கக் கேள்வி. ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிப் பார்த்தே டிரை வெயிட்டை முடிவு செய்யலாமே? வீக்கம் இல்லை, பிபி சரி, ஆனாலும் நுரையீரல் ஈரமாக இருப்பவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

பழைய_ஐசியு

உங்கள் கேள்வியை ஐரோப்பாவில் பெரிய ஆய்வாகவே செய்துபார்த்து 2021இல் வெளியிட்டார்கள், இதய ஆபத்து அதிகமுள்ள டயாலிசிஸ் நோயாளிகளிடம். பி-லைனைப் பார்த்துத் தண்ணீர் எடுத்தவர்களின் நுரையீரல் உண்மையிலேயே காய்ந்தது. ஆனால் மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்த முக்கியக் கணக்கில் இரண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பி-லைன் பூஜ்யம் ஆகும் வரை எடுப்பேன் என்று இறங்கினால் பிபி சரிந்து, கால் தசை பிடித்து, டயாலிசிஸ் ஊசி போடும் ஃபிஸ்டுலா அடைத்து வேறு வழியில் வருவார்கள். மேலே இருக்கும் அங்கிள் போலத் தழும்பு உள்ளவருக்கு அந்த ஒரு கோடு எப்போதுமே போகாது.

வலது பின்பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு நிமோனியா பக்கம்தான் சாய்கிறது. காரணம் கோடு இல்லை, ப்ளூரா. சொரசொரப்பான ப்ளூரா, அடியில் கறுப்புத் துண்டு, ஒரு பக்கம் மட்டும். தண்ணீர் என்றால் இடது பின்பக்கமும் ஏறக்குறைய அதே மாதிரி இருக்க வேண்டும். அங்கே எப்படி இருந்தது?

இரவுப்பணி

இடது பின்பக்கம் கீழே இரண்டு கோடு. ப்ளூரா வழவழப்பு.

பழைய_ஐசியு

அது என் சந்தேகத்தைக் கூட்டுகிறது, முடித்துவிடவில்லை. அவர் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துத்தான் டயாலிசிஸ் செய்துகொண்டாரா? பல மணி நேரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தின் அடியில் கோடுகள் கூடும், கொஞ்சம் நுரையீரல் அமுங்கிக் கறுப்பாகக்கூடத் தெரியும். ஆழமாக நாலு மூச்சு இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால் அமுங்கியது பெரும்பாலும் விரிந்துவிடும், நிமோனியா விரியாது.

இரவுப்பணி

ஃபிஸ்டுலா இடது கையில், அதனால் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துதான் இருந்தார். மூச்சு இழுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

தேக்காகாரன்

அப்படியானால் ஆன்டிபயாடிக் தேவையில்லாமல் கொடுத்ததாக ஆகுமா?

ஊசியும்_குழாயும்

தம்பி, டயாலிசிஸ் நோயாளிக்கு 37.9, அதிலும் முந்தைய இரவு 88 சதவீதத்தில் வந்தவர். எங்களிடமாக இருந்தாலும் காத்திருக்க மாட்டார்கள், ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம் என்று தெரிந்தால் நிறுத்தலாம்.

புரோப்_பிடித்த_கை

வியாழக்கிழமை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புதன்கிழமை அவர் படுத்திருந்த அதே சாய்வில், அதே இடைவெளியில், அதே செட்டிங்கில், அதே ஆழத்தில் வையுங்கள். உட்கார வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை மாறும், அந்த வித்தியாசத்தை மருந்தின் கணக்கிலோ டயாலிசிஸ் கணக்கிலோ எழுதிவிடுவீர்கள். கிளிப்பை ஒரு முழு மூச்சுக்காவது, ஐந்தாறு விநாடி ஓட விடுங்கள். உறைந்த படத்தில் ஸ்லைடிங் தெரியாது, மூச்சோடு கோடு நகர்கிறதா என்பதும் தெரியாது.

இரவுப்பணி

இன்று கூடுதல் செஷன் முடிந்தது, இன்னும் 1 லிட்டர் எடுத்தார்கள், எடை 62.2. அதே சாய்வு, 14 ஆழம், இந்த முறை காம்பவுண்டிங் அணைத்துவிட்டுப் பார்த்தோம். புதன்கிழமை அணைத்திருந்தோமா என்று எம்.ஓ.வுக்கும் நினைவில்லை. இடது பின்பக்கம் சுத்தம், ஏ-லைன். வலது பின்பக்கம் நாலு கோடு, கறுப்புத் துண்டு இருக்கிறது. ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னோம், கறுப்புத் துண்டு கொஞ்சம் சுருங்கியது போல எனக்குத் தோன்றியது, எம்.ஓ. அப்படி ஒன்றும் இல்லை என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் அது ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு. கல்ச்சர் இன்னும் வரவில்லை.

பழைய_ஐசியு

தண்ணீர் என்ற வாதம் பெரும்பாலும் விழுந்துவிட்டது. டிரை வெயிட்டுக்கு வந்தாகிவிட்டது, எதிர்ப்பக்கம் காய்ந்துவிட்டது, இது மட்டும் நிற்கிறது. நிமோனியாவா, அமுங்கிய நுரையீரலா, அங்கேயும் ஒரு பழைய தழும்பா என்பதை அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். பழைய சிடி ஸ்கேன் ஏதாவது இருந்தால் வலது அடிப்பகுதியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

ஒன்று இருக்கிறது, ஆனால் வேறு மருத்துவமனையில் எடுத்தது. கேட்டிருக்கிறார்கள்.